வேகா: ஐவி ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும்?

வேகா என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஐவி, அதாவது சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம், ஒரு புள்ளி கூடினால் பிரீமியம் எத்தனை ரூபாய் கூடும் என்பதுதான் அது. 15 சதவீதமாக இருந்த ஐவி 16 ஆகிறது. இண்டெக்ஸ் அசையவில்லை, நாளும் நகரவில்லை. பிரீமியம் மட்டும் 386 ரூபாயிலிருந்து 412 ஆகிறது. அந்த 26 ரூபாய்தான் வேகா.

டெல்டா, காமா, தீட்டா எல்லாம் கிரேக்க எழுத்துகள். வேகா அப்படி இல்லை. கிரேக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் எழுத்தே கிடையாது. தமிழ்க் காதுக்கு இது வேகாத பருப்பை நினைவூட்டும். என்ன செய்வது, பெயர் நிலைத்துவிட்டது.

ஏற்ற இறக்கம் என்றால் இதுவரை நடந்ததா, இனி நடக்கப்போவதா?

இனி நடக்கப்போவது. அதுவும் நடக்கும் என்று சந்தை நினைப்பது. போன மாதம் நிஃப்டி எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு. ஆப்ஷன் இப்போது என்ன விலைக்குக் கைமாறுகிறதோ அந்த விலையை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 'இந்த விலை நியாயம் என்றால் இண்டெக்ஸ் எவ்வளவு ஆட வேண்டும்' என்று கண்டுபிடிக்கும் எண்தான் ஐவி.

அது ஆண்டுக் கணக்கில் சொல்லப்படுவதால் மனதில் ஒட்டாது. 16-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் சுமார் 252 வர்த்தக நாட்கள். அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16. ஐவி 16 என்றால் சாதாரணமாக நாளுக்கு 1 சதவீத ஆட்டத்தைச் சந்தை எதிர்பார்க்கிறது. 32 என்றால் 2 சதவீதம். நிஃப்டி 22,500-இல் இருந்தால் முதலாவது 225 புள்ளி, இரண்டாவது 450 புள்ளி. இப்படிப் பார்த்தால் எண்ணுக்கு உயிர் வரும்.

ஒரு எண் உதாரணம் வேண்டும். கையால் போடக்கூடியதாக.

சரி. நிஃப்டி 22,500. ஸ்ட்ரைக்கும் 22,500, அதாவது ஏடிஎம். எக்ஸ்பைரிக்கு 30 நாள். வட்டியைச் சுழியம் என்று வைத்துக்கொள்வோம். ஏடிஎம் ஆப்ஷனுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி இருக்கிறது, S என்பது இண்டெக்ஸ்:

```
வேகா ≈ 0.4 × S × √(நாள்/365) ÷ 100
```

30/365-இன் வர்க்கமூலம் 0.287. 0.4 × 22,500 × 0.287 ÷ 100 = 25.8. முழு பிளாக் ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால் 25.7 வரும். வித்தியாசம் பத்துப் பைசா.

இனி இந்த 25.7-ஐ ஐவியால் பெருக்கிப் பாருங்கள். ஐவி 15 என்றால் 386 ரூபாய், 16 என்றால் 412, 20 என்றால் 515, 25 என்றால் 643. இவைதான் அந்த ஆப்ஷனின் விலைகளே! ஏடிஎம் ஆப்ஷனில் உள்ளார்ந்த மதிப்பு எதுவும் இல்லை, மொத்த பிரீமியமும் ஐவியும் வேகாவும் பெருகி வந்த தொகை. 'நிஃப்டி ஏறும் என்று வாங்கினேன்' என்று நாம் சொல்லிக்கொண்டாலும், ஏடிஎம் ஆப்ஷனுக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் ஏற்ற இறக்கத்துக்குக் கொடுத்த விலை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

இவையெல்லாம் ஒரு யூனிட்டுக்கான எண்கள். லாட் அளவு அவ்வப்போது மாறுவதால் பெருக்குவதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஏடிஎம் இல்லாத ஸ்ட்ரைக்குக்கு?

அதற்கு அந்தக் குறுக்குவழி ஓடாது, ஒரு ஷீட் வேண்டும். B1-இல் இண்டெக்ஸ், B2-இல் ஸ்ட்ரைக், B3-இல் மீதி நாள், B4-இல் ஐவி.

```
B5: =(LN(B1/B2)+0.5*B4^2*B3/365)/(B4*SQRT(B3/365))
B6: =B1*NORM.S.DIST(B5,FALSE)*SQRT(B3/365)/100
```

B6-இல் வருவது வேகா. B1-இல் ஸ்பாட்டுக்குப் பதில் அதே எக்ஸ்பைரியின் ஃபியூச்சர்ஸ் விலையைப் போட்டால் வட்டியையும் டிவிடெண்டையும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இதில் எல்லோரும் ஒரு தடவையாவது வழுக்கும் இடம் B4. அங்கே 15% என்று இருக்க வேண்டும். வெறும் 15 என்று அடித்தால் ஷீட் எந்தப் பிழையும் காட்டாது, 25.7 வர வேண்டிய இடத்தில் 2.55 என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். நானும் அதை நம்பி ஒரு முழுக் காலையை ஓட்டியிருக்கிறேன். அதனால்தான் புது ஷீட்டில் முதலில் ஓர் ஏடிஎம் ஸ்ட்ரைக்கைப் போட்டு, 0.4 குறுக்குவழியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

ஓடிஎம் ஆப்ஷனுக்கு வேகா குறைவு என்கிறார்களே, அப்படியானால் ஐவி இறங்கினாலும் அடி குறைவுதானே?

ரூபாயில் குறைவு. போட்ட காசோடு ஒப்பிட்டால் அதிகம்.

அதே 30 நாள், அதே நிஃப்டி 22,500, ஐவி 15. இப்போது 23,500 கால் ஆப்ஷனை எடுங்கள். விலை 81 ரூபாய், வேகா 15.8. ஏடிஎம்மின் 25.7-ஐவிடக் குறைவுதான். ஆனால் ஐவி ஒரு புள்ளி நகர்ந்தால் ஏடிஎம் ஆப்ஷன் தன் விலையில் 7 சதவீதத்தை இழக்கும் அல்லது பெறும்; இந்த 81 ரூபாய் ஆப்ஷனோ சுமார் 20 சதவீதம் ஆடும்.

ஐவி 15-லிருந்து 25-க்குப் போனால்? ஏடிஎம் 386-லிருந்து 643 ஆகும், ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. ஓடிஎம் 81-லிருந்து 275 ஆகும், மூன்று மடங்குக்கும் மேல். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். வேகா 15.8 என்பதால் 10 புள்ளிக்கு 158 கூடி 239 ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். 275 ஆகிவிட்டது. ஐவி ஏற ஏற ஓடிஎம்மின் வேகாவும் சேர்ந்து ஏறியதுதான் காரணம். 25-இல் அது 21.9. ஏடிஎம்முக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது நேர்கோடு. ஓடிஎம்முக்கு வேகா என்பது இந்த நிமிடத்தின் எண் மட்டுமே, பெரிய நகர்வுக்கு அதை அப்படியே நீட்டக் கூடாது.

பயம் உச்சத்தில் இருக்கும் நாளில் 'விலை மலிவு' என்று தூர ஸ்ட்ரைக் வாங்குபவர் உண்மையில் வாங்குவது சந்தையிலேயே ஐவிக்கு மிக அதிகமாக ஆடும் சரக்கை. திரையில் தெரியும் விலை சிறியது, அவ்வளவுதான்.

நிஃப்டி ஏறியது, ஆனால் என் கால் ஆப்ஷன் விலை இறங்கிவிட்டது. புரோக்கர் திரையில் ஏதாவது தவறா?

திரை சரியாகவே இருந்திருக்கும். இதற்கு 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மே 31, வெள்ளிக்கிழமை: நிஃப்டி சுமார் 22,530-இல் முடிந்தது, நிஃப்டி ஆப்ஷன்களின் ஐவியை ஒரே எண்ணாகக் காட்டும் இந்தியா விக்ஸ் 25-ஐ ஒட்டி இருந்தது. வாரக் கடைசியில் கருத்துக்கணிப்புகள் வந்தன. ஜூன் 3 திங்களன்று நிஃப்டி 730 புள்ளிக்கு மேல் எகிறியது, விக்ஸ் 21-க்கு இறங்கியது. ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள்: நிஃப்டி 1,379 புள்ளி சரிந்து சுமார் 21,885, விக்ஸ் 27-ஐ நெருங்கியது. ஜூன் 5: நிஃப்டி மீண்டும் 730-க்கு மேல் ஏறி 22,620, விக்ஸ் 19.

மே 31 முதல் ஜூன் 5 வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தவருக்கு நிஃப்டி சுமார் 90 புள்ளி ஏறியிருக்கிறது. மே 31 அன்று 22,500 கால் ஆப்ஷனை 30 நாள் எக்ஸ்பைரிக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க எண்களைச் சற்று முழுமையாக்குகிறேன். இது சூத்திரம் தரும் விலை, அன்று கைமாறிய விலை அல்ல. நிஃப்டி 22,500, ஐவி 25: கொடுத்தது 643 ரூபாய். ஐந்து நாள் கழித்து நிஃப்டி 22,600, ஐவி 19, மீதி 25 நாள்: கையில் இருப்பது 499. நூறு புள்ளி ஏறியும் 144 ரூபாய் போயிற்று.

எங்கே போனது? ஐவி மட்டும் 25-லேயே நின்றிருந்தால் அன்றைய விலை 640 ஆக இருந்திருக்கும். ஐந்து நாள் தேய்மானம் தின்றதை நூறு புள்ளி ஏற்றம் ஏறக்குறைய முழுவதும் ஈடுகட்டிவிட்டது, போனது 3 ரூபாய்தான். மீதி 141 ரூபாயும் ஐவி 6 புள்ளி இறங்கியதால் போனது. 25 நாளில் வேகா சுமார் 23.5, ஆறால் பெருக்கினால் 141.

உங்கள் ஆப்ஷனிலும் இதையே செய்து பாருங்கள். வாங்கிய நேரத்து ஐவியைக் குறித்து வைத்திருந்தால் போதும்: இன்றைய இண்டெக்ஸ், இன்றைய மீதி நாள், பழைய ஐவி என்று போட்டு ஒரு விலை எடுங்கள். அதற்கும் திரையில் உள்ள விலைக்கும் உள்ள இடைவெளி ஐவியின் வேலை. பிரீமியத்தை மட்டும் எழுதி வைத்து ஐவியை எழுதாதவருக்கு இந்த விசாரணை முடியாது.

முடிவு வந்ததும் ஐவி ஏன் இப்படிப் பொத்தென்று விழுகிறது?

அந்த ஒரு பெரிய நாள் கணக்கிலிருந்து கழிந்துவிடுவதால்.

ஒரு கற்பனைக் கணக்கு. சாதாரண நாளில் 1 சதவீதம் ஆடும் இண்டெக்ஸ், முடிவு வரும் நாளில் மட்டும் 4 சதவீதம் ஆடும் என்று சந்தை நினைக்கிறது. ஆட்டங்களை அப்படியே கூட்ட முடியாது, வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். எக்ஸ்பைரிக்கு 5 வர்த்தக நாள் என்றால், நான்கு நாளுக்கு 1 வீதம் 4, பெரிய நாளுக்கு 16, மொத்தம் 20. நாளுக்குச் சராசரி 4, அதன் வர்க்கமூலம் 2 சதவீதம். பதினாறால் பெருக்கினால் ஐவி 32. பெரிய நாள் கடந்ததும் மிச்சம் எல்லாம் 1 சதவீத நாட்கள்தான், ஐவி 16. யாரும் எதுவும் சதி செய்யவில்லை, கூட்டலில் இருந்த 16 போய்விட்டது.

இதே பெரிய நாளை 21 வர்த்தக நாள் எக்ஸ்பைரியில் வைத்தால் 20 + 16 = 36, சராசரி 1.71, வர்க்கமூலம் 1.31, ஐவி 21 மட்டுமே. ஒரு குடம் தண்ணீரில் ஒரு கை உப்பு, ஒரு தம்ளரில் அதே ஒரு கை உப்பு.

அதனால் நிகழ்வுக்கு முன் ஐவி உயர்ந்து இருப்பதைப் பார்த்து 'மிகை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்பார்த்த 4 சதவீதத்தைவிட உண்மையான ஆட்டம் பெரிதா சிறிதா என்பதுதான் வாங்கியவருக்கு லாபமா விற்றவருக்கு லாபமா என்று சொல்லும். ஜூன் 4 அன்று நிஃப்டி இறங்கியது கிட்டத்தட்ட 6 சதவீதம்.

அப்படியானால் நிகழ்வுக்கு முன் விற்றுவிட்டு ஐவி விழும்வரை காத்திருந்தால் போதும்தானே?

கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதே மே 31-இல் 22,500 காலையும் புட்டையும் தலா 643-க்கு விற்றவர் 1,286 ரூபாய் வாங்கியிருப்பார். ஜூன் 5 முடிவில் கால் 499, புட் 399; திரும்ப வாங்க 898 போதும். யூனிட்டுக்கு 388 ரூபாய் லாபம்.

ஆனால் நடுவில் ஜூன் 4 இருக்கிறது. அன்று நிஃப்டி நாளின் அடிமட்டமாக 21,300-க்கும் கீழே போனது, விக்ஸ் 31-ஐத் தாண்டியது. 21,300-ஐயும் ஐவி 31-ஐயும் ஒன்றாகப் போட்டால் அந்த ஜோடியின் விலை சுமார் 1,750. அதாவது 388 சம்பாதிக்கப்போகிறவர் அந்த நேரத்தில் 465 ரூபாய் நஷ்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 213 ரூபாய், வேகாவால் வந்தது. ஐவி 25-லேயே நின்றிருந்தால் நஷ்டம் 252-தான்.

விற்றவரிடம் அந்த நேரத்தில் புரோக்கர் கூடுதல் மார்ஜின் கேட்பார். இல்லை என்றால் பொசிஷன் அந்த விலையிலேயே மூடப்படும், ஜூன் 5-ஐ அவர் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார். நிஃப்டி சரியும்போது ஐவியும் சேர்ந்தே ஏறுவது வழக்கம், ஆகவே விற்றவருக்கு இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழும். என் எண்ணத்தில், கணக்கில் இருக்கும் உபரிப் பணம் இந்த நடு நாளைத் தாங்காது என்றால் கடைசி நாள் லாபம் என்று ஒன்று இல்லவே இல்லை.

புட்டுக்கு வேகா தனியா?

ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி என்றால் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டையும் வாங்கினால் இரட்டிப்பு.

ஐவி எங்கே பார்ப்பது? விக்ஸையே வைத்துக்கொள்ளலாமா?

என்எஸ்இ தளத்தின் ஆப்ஷன் செயினில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் IV என்ற பத்தி இருக்கிறது. உங்கள் ஆப்ஷனுக்கு அதுதான் எண். ஆள் நடமாட்டம் இல்லாத ஸ்ட்ரைக்கில் அது கடைசியாக நடந்த பழைய வர்த்தகத்தின் விலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். பக்கத்து ஸ்ட்ரைக்குகளோடு பொருந்தாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் நம்ப வேண்டாம்.

விக்ஸ் நிஃப்டியின் பல ஸ்ட்ரைக்குகளைக் கலந்து, வரும் 30 நாளுக்கு என்று சொல்லும் ஒரே எண். மேலே நான் 30 நாள் உதாரணம் எடுத்ததும் அதற்காகத்தான். மூன்று நாள் எக்ஸ்பைரி வைத்திருப்பவர் விக்ஸைப் பார்ப்பது பக்கத்து ஊர் மழையைப் பார்த்துத் துணி எடுப்பது போல. வங்கிப் பங்கு ஒன்றின் ஆப்ஷனுக்கு அதுவும் பயன்படாது.

எக்ஸ்பைரி நெருங்கும்போது வேகாவை மறந்துவிடலாமா?

வேகா நாளின் வர்க்கமூலத்தோடு சுருங்குகிறது. நம் ஏடிஎம் ஆப்ஷனுக்கு 90 நாளில் 44.5, 30 நாளில் 25.7, 7 நாளில் 12.4, கடைசி ஒரு நாளில் 4.7. எக்ஸ்பைரி அன்று மதியம் உங்களை ஆட்டுவது காமா, வேகா அல்ல.

ஆனால் 7 நாளில் 12.4 சின்ன எண் என்று தள்ளிவிடாதீர்கள். அருகில் உள்ள எக்ஸ்பைரியின் ஐவி தூரத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு துள்ளும். மேலே பார்த்த தம்ளரும் குடமும்தான்.

என்னிடம் மூன்று எக்ஸ்பைரியில் பொசிஷன் இருக்கிறது. எல்லா வேகாவையும் கூட்டி ஒரே எண்ணாகப் பார்க்கலாமா?

திரை கூட்டிக் காட்டும். அந்தக் கூட்டலில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: எல்லா எக்ஸ்பைரியின் ஐவியும் ஒரே அளவில் நகரும் என்று.

90 நாள் ஏடிஎம் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், வேகா 44.5. ஏழு நாள் ஏடிஎம் மூன்றை விற்றிருக்கிறீர்கள், வேகா கழித்தல் 37.2. கூட்டினால் +7.3. 'ஐவி ஏறினால் எனக்கு லாபம்' என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஒரு கெட்ட செய்தி வருகிறது. 7 நாள் ஐவி 10 புள்ளி ஏறுகிறது, 90 நாள் ஐவி 2 புள்ளிதான். வாங்கியதில் 89 ரூபாய் லாபம், விற்றதில் 372 ரூபாய் நஷ்டம். திரையில் இன்னமும் கூட்டல் குறி.

இதற்குச் சிலர் ஒவ்வொரு வேகாவையும் அதன் நாளின் வர்க்கமூலத்தைக் கொண்டு 30 நாளுக்குச் சமமாக்கிக்கொள்வார்கள்: ஏழு நாள் வேகாவை √(30/7), அதாவது சுமார் 2.07-ஆல் பெருக்குவது, 90 நாளுக்கானதை √(30/90), அதாவது 0.58-ஆல் பெருக்குவது. இப்படிப் போட்டால் வாங்கியது 25.7, விற்றது 77, மொத்தம் கழித்தல் 51. சற்று முன் +7.3 என்று காட்டிய அதே பொசிஷன்தான் இது.